கயிறு இறுகிய பிறகு இழுப்பது யார்? விண்வெளிப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

விண்வெளிப் படங்களை இயக்குகிறவர்களுக்கும், அவற்றுக்குத் திரைக்கதை எழுதுகிறவர்களுக்கும், ஒலி அமைக்கிறவர்களுக்கும்,

வணக்கம். படத்தில் எத்தனை தவறு என்று எண்ணிப் பட்டியல் போட்டு அனுப்பும் மடல்கள் உங்களுக்கு ஏற்கெனவே நிறைய வந்திருக்கும். இது அந்த ரகம் இல்லை. ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அதில் எது சரியாக வந்தது, எது கைநழுவிப் போனது என்று உங்களோடு பேச வேண்டும். 2013-இல் அல்ஃபோன்சோ குவாரோன் எடுத்த 'கிராவிட்டி'தான் அந்தப் படம். அக்கறையே இல்லாமல் எடுத்த படங்களில் தவறு தேடிப் பயனில்லை. இது அப்படி இல்லை. மௌனத்துக்காகவும் எடையின்மைக்காகவும் வருடக்கணக்கில் உழைத்த குழு இது. அப்படிப்பட்டவர்களும் எங்கே சறுக்கினார்கள் என்று பார்த்தால், அடுத்து எடுக்கிறவர்களுக்கு உதவும்.

முதலில் அந்தக் கயிற்றுக் காட்சி. பார்த்தவர்களுக்கு மறந்திருக்காது. விண்வெளி வீரர்களான ஸ்டோனும் கோவால்ஸ்கியும் மிதந்து வந்து பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் மோதுகிறார்கள், பிடி கிடைக்கவில்லை. கடைசியில் அங்கே நிற்கும் சோயுஸ் கலத்தின் பாராசூட் கயிறுகளில் ஸ்டோனின் கால் சிக்குகிறது. அவள் கையில் ஒரு கயிறு, அதன் மறுமுனையில் கோவால்ஸ்கி. பாராசூட் கயிறுகள் இறுகுகின்றன, ஸ்டோனின் கால் மெல்ல நழுவுகிறது. நீயாவது பிழைத்துக்கொள் என்று அவன் கொக்கியைக் கழற்றிவிடுகிறான். கழற்றியதும் விலகிப் போகிறான். தியேட்டரே கலங்கிய இடம் அது.

என் கேள்வி எளிது. கயிறு இறுகி இருவரும் நின்ற பிறகு அவனை இழுத்துக்கொண்டிருந்தது எது?

மலை உச்சியில் ஒருவர் தொங்கினால் பதில் உண்டு, பூமி இழுக்கிறது. இங்கே நிலையம், ஸ்டோன், கோவால்ஸ்கி மூன்றுமே ஒரே வேகத்தில், ஒரே பாதையில் பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருக்கின்றன. ஒன்றை மட்டும் தனியாக வெளியே இழுக்க அங்கே எதுவும் இல்லை. கோவால்ஸ்கியிடம் இருந்தது வந்த வேகம் மட்டும்தான். அந்த வேகம் தீர்ந்துவிட்டால் கதையும் தீர்ந்தது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். உடையும் முதுகில் மாட்டிய உந்துகருவியும் சேர்த்து அவன் நிறையை 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நிலையத்தைப் பொறுத்தவரை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் விலகுகிறான், அதாவது வேகமாக நடக்கும் ஆளின் வேகம். பாராசூட் கயிறுகள் ஒரு மீட்டர் நீண்டு கொடுத்து அவனை நிறுத்துகின்றன என்றால், அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் கயிற்றில் வரும் இழுவிசை சுமார் 400 நியூட்டன், தரையில் 40 கிலோ சுமையைத் தூக்கும்போது கை உணர்கிற அளவு. அதற்குள் ஸ்டோனின் கால் நழுவிவிட்டால் கதை வேறு. நழுவவில்லை என்றால் அடுத்த நொடியில் வேகம் பூஜ்யம், அவனை வெளியே இழுக்கவும் எதுவும் இல்லை. இழுபட்ட கயிறு கொஞ்சம் சுருங்கும், அந்தச் சுருக்கமே அவனைத் திருப்பி அனுப்ப ஆரம்பிக்கும்.

அது போதாது என்றால் ஸ்டோன் ஒரு தடவை மெதுவாக இழுத்தால் போதும். ஒரு கிலோ அரிசிப் பையைத் தூக்கும் அளவு விசையில் ஒரு நொடி இழுத்தால், 200 கிலோ ஆள் நொடிக்கு 5 சென்டிமீட்டர் வேகத்தில் அவளை நோக்கிக் கிளம்புவான். பத்து மீட்டர் கயிறு என்றால் மூன்றரை நிமிடத்துக்குள் வந்து சேர்ந்துவிடுவான். அவசரப்படாத, கொஞ்சம் அசட்டுத்தனமான மீட்பு. கண்ணீருக்கு இடமே இல்லை.

படத்துக்காக வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். கால் இன்னும் நழுவிக்கொண்டிருந்தது, அதனால் அவர்கள் நிற்கவே இல்லை என்பது ஒரு வாதம். ஆனால் நழுவும்போதும் உராய்வு வேகத்தைத் தின்றுகொண்டுதான் இருக்கும். இருவரும் நிதானமாகப் பேசி முடிக்கும்வரை அது தீராமல் இருக்காது. நிலையம் முழுவதும் சுழன்றுகொண்டிருந்தது என்பது இன்னொரு வாதம். இதற்கு மரியாதை தரலாம். சுழல்கிற ஒன்றின் நுனியில் தொங்குகிறவனை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க உண்மையிலேயே விசை வேண்டும், பிடி விட்டால் அவன் விலகித்தான் போவான். ஆனால் எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும்? சுழற்சி மையத்திலிருந்து 50 மீட்டர் தள்ளி அவன் இருக்கிறான், கயிற்றில் 100 நியூட்டன் விசை வேண்டும் என்றால், நிலையம் சுமார் ஒரு நிமிடத்துக்கு ஒரு சுற்று சுழல வேண்டும். அப்படியானால் பின்னால் தெரியும் பூமி அரை நிமிடத்தில் திரையைக் கடந்து மறைந்து, மறுபடி வர வேண்டும். பார்க்கிறவர் உணரும் அளவுக்கு அந்தச் சுழற்சி அந்தக் காட்சியில் இல்லை. இருந்திருந்தால் என்னைப் போன்றவர்கள் வாயை மூடியிருப்போம், காட்சியும் இன்னும் பயங்கரமாக இருந்திருக்கும். எழுதும்போதே ஒருவர் கேட்டிருந்தால் ஒரு வரி மாற்றத்தில் சரியாகியிருக்கும் விஷயம் இது. கிராஃபிக்ஸ் முடிந்த பிறகு கேட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

இந்தத் தவறு ஏன் வருகிறது என்று யோசித்தால், 'விண்வெளியில் ஈர்ப்பே இல்லை' என்ற பழைய நினைப்பில் போய் நிற்கிறது. 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் சுமார் 90 சதவீதம் இருக்கிறது. அங்கே இல்லாதது எடை மட்டும்தான், அதுவும் எல்லாம் சேர்ந்து விழுவதால். நிறை எங்கேயும் போகவில்லை. 200 கிலோ பொருளைக் கிளப்புவதற்கு என்ன பாடோ, நிறுத்துவதற்கும் அதே பாடு. இது பிடிபடாதபோது இரண்டு விதமான படங்கள் வருகின்றன. ஒன்றில் ஆட்கள் பஞ்சு போல மிதக்கிறார்கள். இன்னொன்றில் தண்ணீருக்குள் நடப்பது போல மெதுவாக அசைகிறார்கள். தண்ணீர் உங்களைத் தடுத்து நிறுத்தும், வெற்றிடம் நிறுத்தாது. மெதுவாக அசைவது எடையின்மையின் குணம் இல்லை, விண்வெளி வீரர்களின் எச்சரிக்கை. வேகமாகக் கிளம்பினால் வேகமாகவே போய் மோத வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதைத் திரையில் எப்படிக் காட்டுவது என்று கேட்பீர்கள். 1966 ஜூன் மாதம் நாசாவின் ஜெமினி 9ஏ பயணத்தில் யூஜின் செர்னன் பட்ட பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கலத்தின் பின்பக்கம் போய் அங்கே வைத்திருந்த உந்துகருவியை மாட்டிக்கொள்வதுதான் அவர் வேலை. தரையில் பார்த்தால் சில நிமிட வேலை. அங்கே கால் ஊன்ற இடம் இல்லை, போதுமான கைப்பிடி இல்லை. ஒரு வால்வைத் திருகினால் வால்வுக்குப் பதில் அவர் உடம்பு திரும்புகிறது. காற்றடைத்த உடை விறைத்துக்கொண்டு எதிர்க்கிறது. ஒவ்வொரு அசைவையும் எதிர் அசைவால் நிறுத்த வேண்டியிருந்தது. இதயம் நிமிடத்துக்கு 180 தடவை அடித்தது, தலைக்கவசக் கண்ணாடி மூச்சுக்காற்றில் மங்கி வெளியே எதுவும் தெரியவில்லை. கருவியை ஓட்டிப் பார்க்காமலேயே உள்ளே திரும்பினார். அதே ஆண்டு நவம்பரில் ஜெமினி 12-இல் போன பஸ் ஆல்ட்ரின் வெளியே நின்று நிதானமாக வேலை செய்தார். காலை மாட்டிக்கொள்ள இடமும், கைப்பிடிகளும், இடுப்புக் கயிறும் இருந்தன, நீச்சல்குளத்தில் பயிற்சியும் எடுத்திருந்தார். எதிரி, வெடிகுண்டு, வேற்றுக்கிரகவாசி எதுவும் இல்லாமல், ஒரு வால்வைத் திருக முடியாமல் ஒரு மனிதன் திணறுவதை ஐந்து நிமிடம் எடுத்துப் பாருங்கள். எடையின்மை என்றால் என்ன என்று எல்லோருக்கும் புரிந்துவிடும்.

நடிகர்களை உண்மையிலேயே மிதக்கவிடுவதும் முடியாத காரியம் இல்லை. 'அப்பல்லோ 13' படத்துக்காக ரான் ஹோவர்ட் நாசாவின் பயிற்சி விமானத்துக்குள் அரங்கம் அமைத்துப் படம் எடுத்தார். விமானம் சுமார் 45 டிகிரி கோணத்தில் ஏறி, வளைந்து இறங்கும்போது சுமார் 25 நொடி எடை இருக்காது. அந்த 25 நொடிக்குள் ஒரு ஷாட். இப்படி அறுநூறு தடவைக்கு மேல் ஏறி இறங்கியிருக்கிறார்கள். அதனால்தான் அந்தப் படத்தில் ஆட்கள் மிதக்கும்போது துணியும் சேர்ந்து மிதக்கிறது. கம்பியில் தொங்கவிட்டு எடுத்ததைக் கண்டுபிடிக்க ஆளைப் பார்க்கக் கூடாது. முடியையும், கழுத்தில் கிடக்கும் சங்கிலியையும், சட்டை நுனியையும் பாருங்கள், அவை கீழ்நோக்கித் தொங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

'கிராவிட்டி'யில் ஸ்டோன் அழும் இடம் இதில் சேரும். கண்ணீர்த் துளி கன்னத்தை விட்டுப் பிரிந்து, உருண்டையாகக் கேமராவை நோக்கி மிதந்து வருகிறது. அழகான ஷாட்தான். ஆனால் கண்ணீர் அப்படிப் பிரிந்து வராது. அதே 2013-இல் நிலையத்தில் இருந்த கிறிஸ் ஹாட்ஃபீல்ட் கண்ணில் தண்ணீர் விட்டுக் காட்டினார். பரப்பு இழுவிசையால் அது தோலிலேயே ஒட்டிக்கொண்டு, கண்ணின் மேல் கூழ் போல ஒரு குமிழாகத் திரண்டு நின்றது. துடைத்தால்தான் போகும். அழுகிறவளின் கண்ணையே மூடிப் பார்வையை மறைக்கும் கண்ணீர்! உங்களில் ஒருவர்கூட இதை இன்னும் எடுக்கவில்லையே என்று எனக்கு ஆதங்கம்.

அப்புறம் ஒலி. இதில் குவாரோனின் குழுவை மனதாரப் பாராட்ட வேண்டும். கிளென் ஃப்ரீமேன்டில் தலைமையிலான ஒலிக்குழு ஒரு விதியை வைத்துக்கொண்டது. வெற்றிடத்தில் ஒலி பரவாது, ஆனால் தொட்டால் அதிர்வு உடம்புக்குள் வரும். அதனால் பாத்திரம் எதைத் தொடுகிறதோ அதன் ஒலி மட்டும் கேட்கும். ஸ்டோன் திருகு கருவியைப் பிடித்து வேலை செய்யும்போது கையுறை வழியாக ஒரு மந்தமான உறுமல், கையை எடுத்தால் அதுவும் இல்லை. மூச்சுச் சத்தமும் வானொலிக் குரலும் மட்டும். அவளுக்குப் பின்னால் நிலையம் சுக்குநூறாகும்போது ஒரு சின்ன உடைசல்கூடக் கேட்பதில்லை.

ஆனால் அந்த இடத்தை இசை நிரப்பிவிடுகிறது. ஸ்டீவன் பிரைஸின் இசையில் எனக்குக் குறை இல்லை. வெடிச்சத்தம் செய்ய வேண்டிய வேலையை இசை எடுத்துக்கொண்டால் பார்க்கிறவருக்கு மௌனம் கிடைக்காமல் போகிறது என்பதுதான் என் வருத்தம். 1968-இல் குப்ரிக் '2001' படத்தில் இதற்குத் துணிந்தார். தலைக்கவசம் இல்லாமல் போமன் கலத்தின் காற்றறைக்குள் வெடித்து வந்து விழும் காட்சியில் சுத்தமாக ஒலியே இல்லை. அவர் நெம்புகோலை இழுத்துக் காற்று உள்ளே வரும்போதுதான் சத்தமும் சேர்ந்து உள்ளே வருகிறது. அறையில் காற்று நிரம்புவதைக் காதால் காட்டிய காட்சி. (போமன் அங்கே மூச்சைப் பிடித்துக்கொள்வது போலத் தெரிகிறது, அது ஆபத்து. வெற்றிடத்தில் மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியும், வெளியே விட்டுவிட வேண்டும். குப்ரிக்குக்கும் ஒன்று தப்பியிருக்கிறது.)

மௌனத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது வேகம். 'கிராவிட்டி'யில் செயற்கைக்கோள் சிதறல்கள் பறந்து வருவது கண்ணுக்குத் தெரிகிறது. உண்மையில் என்ன தெரியும்? 2009 பிப்ரவரி 10 அன்று இரிடியம் 33 என்ற அமெரிக்க நிறுவனச் செயற்கைக்கோளும் செயலிழந்த ரஷ்யாவின் காஸ்மோஸ் 2251-உம் சுமார் 790 கிலோமீட்டர் உயரத்தில் மோதிக்கொண்டன. மோதிய வேகம் நொடிக்கு 11.7 கிலோமீட்டர். உங்கள் கேமரா நொடிக்கு 24 பிரேம் எடுக்கிறது. ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் இடையில் அந்தச் செயற்கைக்கோள் கிட்டத்தட்ட 490 மீட்டர் போயிருக்கும். வழக்கமான 180 டிகிரி ஷட்டர் வைத்தால், ஒரே பிரேமுக்குள் 240 மீட்டர் நீளத்துக்கு அது தேய்ந்து பரவும். கைப்பிடி அளவு துண்டு ஒன்று அப்படித் தேய்ந்தால் படத்தில் ஒன்றும் பதியாது.

ஆக, சிதறல் வருவதை யாரும் பார்க்க மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். ஒரு பிரேமில் சூரியத்தகடு முழுதாக இருக்கும், அடுத்த பிரேமில் ஓட்டை இருக்கும். கைப்பிடிக் கம்பியைப் பற்றியிருக்கும் விரல்களில் திடீரென்று ஒரு நடுக்கம், நிலையம் மெல்லத் திரும்ப ஆரம்பிக்கிறது, வானொலியில் ஒரு குரல் பாதியில் நின்றுபோகிறது. ஒலி அமைப்பவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா? பறந்து வரும் இரும்புத் துண்டுகளைப் பார்த்தால் ஒதுங்கத் தோன்றும். கண்ணுக்கே தெரியாததிடமிருந்து எப்படி ஒதுங்குவது?

கடைசியாகத் தூரம். எல்லாப் படங்களும் தோற்பது இங்கேதான். ஹப்பிள் தொலைநோக்கியில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் முதுகில் மாட்டிய உந்துகருவியோடு பன்னாட்டு நிலையத்துக்குப் போய்விடுகிறார்கள். படம் வந்தபோது இரண்டுக்கும் உயரத்தில் நூற்றைம்பது கிலோமீட்டர் அளவில் வித்தியாசம் இருந்தது. அது பெரிய பிரச்சினை இல்லை. பாதையின் சாய்வுதான் பிரச்சினை. ஹப்பிள் நிலநடுக்கோட்டுக்கு 28.5 டிகிரி சாய்வில் சுற்றுகிறது, நிலையம் 51.6 டிகிரியில். இரண்டு பாதைகளும் ஒன்றையொன்று குறைந்தது 23 டிகிரியில் வெட்டுகின்றன. நொடிக்கு 7.6 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஒன்றை 23 டிகிரி திருப்ப வேண்டுமானால், நொடிக்கு 3 கிலோமீட்டர் அளவு வேக மாற்றம் தேவை. 1984-இல் புரூஸ் மெக்கேண்ட்லெஸ் மாட்டிக்கொண்டு கயிறில்லாமல் மிதந்தாரே, அந்த நிஜ உந்துகருவியால் தர முடிந்த மொத்த வேக மாற்றம் நொடிக்கு 25 மீட்டர்கூட இல்லை. முழு விண்ணோடத்தின் சுற்றுப்பாதை எஞ்சின்களை எரித்தாலும் நொடிக்கு 300 மீட்டர் அளவுதான். பத்தில் ஒரு பங்கு.

நாசாவே இந்தச் சுவரில் முட்டிக்கொண்டது. 2003-இல் கொலம்பியா விண்ணோடம் சிதைந்த பிறகு, அடுத்து போகும் ஓடங்களில் பழுது ஏற்பட்டால் குழுவினர் பன்னாட்டு நிலையத்தில் தஞ்சம் புகலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். ஹப்பிளுக்குப் போகிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது, அங்கிருந்து நிலையத்தை எட்டவே முடியாது. அதனாலேயே 2004-இல் ஹப்பிள் பழுதுபார்ப்புப் பயணம் கைவிடப்பட்டது. பிறகு முடிவை மாற்றி 2009 மே மாதம் அட்லாண்டிஸை அனுப்பியபோது, ஏவுதளத்தில் எண்டெவர் என்ற இரண்டாவது ஓடத்தைத் தயாராக நிறுத்தி வைத்தார்கள், மேலே இருப்பவர்களைப் போய் அழைத்து வருவதற்காக. உங்கள் நாயகி முதுகுக் கருவியில் கடந்த தூரத்துக்காக ஒரு முழு விண்ணோடம் காத்திருந்தது.

அதற்காகக் கதையையே விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. சீனா தன் தியான்கோங் நிலையம் சுற்றும் அதே பாதையில் ஷுன்தியான் என்ற தொலைநோக்கியை நிறுத்தத் திட்டமிட்டிருக்கிறது, பழுதுபார்க்க வேண்டும்போது அது நிலையத்துக்கே வந்து இணைந்துகொள்ளும்படி. ஒரே பாதை, ஒரே சாய்வு. இரண்டு பெயர்களை மாற்றினால் உங்கள் கதைக்கு இயற்பியல் இடம் கொடுத்துவிடுகிறது.

ஆனால் ஒரே பாதையில் இருந்தாலும் நேராகக் குறிவைத்துப் போக முடியாது. 1965 ஜூனில் ஜெமினி 4-இல் ஜேம்ஸ் மெக்டிவிட் இதை அனுபவித்தார். தங்களை மேலே கொண்டுவந்த ராக்கெட்டின் கடைசி அடுக்கு கொஞ்ச தூரத்தில் மிதந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அவர் விமானி, எல்லா விமானிகளும் செய்வதைச் செய்தார்: மூக்கை அதை நோக்கித் திருப்பி முடுக்கினார். அது இன்னும் விலகிப் போனது. மறுபடி முடுக்கினார், மறுபடி விலகியது. முன்னோக்கி முடுக்கினால் பாதை உயர்கிறது, உயர்ந்த பாதையைச் சுற்றி வர அதிக நேரமாகிறது, ஆகவே பின்தங்கிவிடுகிறீர்கள். முன்னால் இருப்பதைப் பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்க வேண்டும். எரிபொருள் கரைந்துகொண்டே போனதால் கடைசியில் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள்.

கண்ணெதிரே நிற்கிறது, நெருங்க நெருங்கத் தள்ளிப் போகிறது, கையில் இருக்கும் வாயுவோ தீர்ந்துகொண்டிருக்கிறது. அதைப் பிடிக்க வேண்டுமானால் அதற்கு முதுகைக் காட்டி முடுக்க வேண்டும் என்று வானொலியில் ஒரு குரல் சொல்கிறது. மிதப்பவளுக்கு நம்ப முடியவில்லை. இதை ஒழுங்காக எடுத்த படம் எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை. யாராவது எடுத்தால் சொல்லி அனுப்புங்கள், முதல் காட்சிக்கே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் பாடம் நடத்தும் ஒரு சினிமா ரசிகன்